தாயின் கடிதம்: மாதிரியும் சொந்தக் குரலும்

உறவுமுறைக் கடிதத்திற்கு இடம், நாள், விளி, செய்தி, முடிப்பு, கையொப்பம் எனச் சில உறுப்புகள் உண்டு. இவற்றுள் செய்திப் பகுதி மட்டுமே எழுதுபவரின் குரலுக்கு உரியது. அதையும் மாதிரியைப் பார்த்து நிரப்பினால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

பெங்களூருவில் வாழும் ஒரு தாய், வெளிநாட்டில் பணிபுரியும் மகனுக்கு எழுதுவதாகக் கொள்ளலாம்.

“அன்புள்ள மகனுக்கு, நலம். நலமறிய ஆவல். இங்கு அனைவரும் நலமாக உள்ளோம். கடலைக்காய்த் திருவிழா சிறப்பாக நடைபெற்றது. உடல்நலத்தைப் பேணிக்கொள்ளவும்.”

இதில் பிழை ஏதுமில்லை. ஆனால், விழாவின் பெயரை மாற்றிவிட்டால் இதனை எந்தத் தாயும் எந்த மகனுக்கும் அனுப்பலாம். மாதிரிக் கடிதத்தை அடையாளம் காணும் வழி இதுவே.

அவ்விழா, கன்னட நாட்காட்டியின் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையன்று பசவனகுடி நந்தி கோயிலருகே நடைபெறுவது. ‘சிறப்பாக நடைபெற்றது’ என்பதை நீக்கி, அந்நாளில் தாய் என்ன செய்தார் என்று கேட்டால் கடிதம் இவ்வாறு மாறும்:

“கண்ணா, சாப்பிட்டியா? கடலைக்காய்ப் பரிஷை முடிஞ்சுது. இந்த வருஷம் நான் போகலை. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு சேர் வாங்கிட்டு வந்து கொடுத்தாங்க. உப்புப் போட்டு வேகவச்சேன். நீ இருந்தா தோலை மேசைமேலயே குவிச்சு வைப்பே, நான் திட்டுவேன். இப்போ மேசை சுத்தமா இருக்கு, பார்க்கத்தான் பிடிக்கலை. ஏன் போகலைன்னு கேப்பே. படி ஏற முழங்கால் விடமாட்டேங்குது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காரு. அதுக்காக லீவு போட்டுட்டு ஓடி வந்துடாதே. அம்மா.”

பேச்சு அலைவதுபோல் தோன்றினாலும் அதற்கு ஓர் இழை உண்டு. கடலை தோலை நினைவூட்டுகிறது. தோல் மேசையையும், மேசை மகன் இல்லாத வீட்டையும் நினைவூட்டுகின்றன. ‘போகலை’ என்று முன்னரே சொன்னதன் காரணம் இறுதியில் வெளிப்படுகிறது. ‘அனைவரும் நலம்’ என்ற தொடர் மறைத்திருந்த முழங்கால் வலியை மகன் அறிந்துகொள்வது இவ்வலைச்சலால்தான். ‘தொடர்பற்றது’ என்று கடலைத் தோலை நீக்கினால், தாயின் தனிமையும் உடன் நீங்கிவிடும்.

பேச்சுநடை என்பது பிழைபட எழுதுவதன்று. ‘வேகவச்சேன்’ என்று எழுதியவர் அடுத்த வரியில் ‘பேணிக்கொள்ளவும்’ என்று எழுதினால் குரல் உடையும். வாய்விட்டுப் படித்தால், நா தடுமாறும் இடம் அதனைக் காட்டிவிடும். மருத்துவர் குறித்த நாள், அனுப்ப வேண்டிய தொகை போன்று மகன் செயற்பட வேண்டிய செய்திகள் மட்டும் பேச்சின் நடுவே புதைந்துவிடாமல், கடிதத்தின் இறுதியில் தனியே நிற்க வேண்டும்.

பயிற்சி: ‘தீபாவளி இனிதே நடைபெற்றது’ என்னும் தொடரை, ஒரு பாட்டி பேரனுக்குக் கூறுவதுபோல ஐந்து வரிகளில் மாற்றி எழுதுக.