பத்துக்கு ஒன்று எடுத்தால் போதுமா?

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பட்டியலில் 100 பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கடன் ஆயிரம் ரூபாய், அடுத்தது இரண்டாயிரம் என்று ஏறிக்கொண்டே போய், நூறாவது கடன் ஒரு லட்சத்தில் முடிகிறது. உண்மையான சராசரி 50,500 ரூபாய். பத்துக் கணக்குகளை மட்டும் புரட்டி இதை மதிப்பிட வேண்டும்.

சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரை எடுப்பது எளிய தற்செயல் மாதிரி. இதில் பத்துச் சீட்டுகளும் பட்டியலின் அடிப்பகுதியிலேயே குவிந்துவிடலாம். முறைசார் மாதிரியில் முதல் பத்துப் பேரில் ஒருவரைக் குலுக்கி எடுத்து, பிறகு ஒவ்வொரு பத்தாம் ஆளையும் எடுத்துக்கொண்டே போகிறோம். அடுக்கு மாதிரியில் பட்டியலைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திலும் தனித்தனியாகக் குலுக்குகிறோம்.

பிழையின் வர்க்கச் சராசரியைப் பரவற்படி என்பார்கள். ஆயிரம் ரூபாயை அலகாகக் கொண்டால் தற்செயல் மாதிரிக்கு அது 75.75, முறைசார் மாதிரிக்கு 8.25, அடுக்கு மாதிரிக்கு 0.825. வர்க்கமூலம் எடுத்தால், வழக்கமான பிழை முறையே சுமார் 8,700, 2,900, 900 ரூபாய்.

பின்னிரண்டு முறைகளும் பட்டியல் முழுவதையும் தொடுகின்றன. அப்படியிருந்தும் ஏன் இத்தனை வேறுபாடு? முறைசார் மாதிரியில் தொடக்கம் 1 என்று விழுந்தால் 11, 21, 31 என எல்லாமே அந்தந்தப் பத்தின் முதல் படியில் நிற்கும். ஒரே பிழை பத்து முறை திரும்ப வருகிறது. ஒன்றையொன்று ஈடுகட்ட வழியில்லை. சராசரி 46,000 என்று வரும். தொடக்கம் 10 ஆனால் 55,000. அடுக்கு மாதிரியிலோ ஒரு பத்தில் தாழ்ந்தது இன்னொரு பத்தில் உயரும். தனித்தனிப் பிழைகள் கழிந்துபோவதால் பரவற்படி பத்தில் ஒரு பங்காகிறது. பட்டியல் ஆயிரம் பேராக நீண்டு, மாதிரி நூறானாலும் முறைசார் மாதிரியின் பரவற்படி அதே 8.25தான்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முறைசார் மாதிரியை எடுத்துவிட்டு, தற்செயல் மாதிரிக்கான வழக்கமான சூத்திரத்தில் பரவற்படியைக் கணக்கிட்டால் 82.5 வரும்; இது உண்மையைப் போலப் பத்து மடங்கு. நல்ல மாதிரியையே மோசமானது என்று எண்ணவைத்துவிடும். அடுக்குக்கு ஒருவரை மட்டும் எடுத்தாலும் அடுக்குக்குள் உள்ள பரவலை அளக்க முடியாது. இருபது இருபதாகப் பிரித்து, அடுக்குக்கு இருவரை எடுக்கலாம், பரவற்படி 3.15 ஆகும். அது அப்போதும் முறைசார் மாதிரியைவிடக் குறைவு.

முறைசார் மாதிரியின் குறையை நீக்கவும் வழி இருக்கிறது. சேத்தி 1965இல் முன்வைத்தபடி, ஒவ்வொரு இருபதிலும் 3ஆம் ஆளை எடுத்தால் 18ஆம் ஆளையும் சேர்த்து எடுக்க வேண்டும். தாழ்வும் உயர்வும் சரியாக ஈடாகி, நேர்கோட்டுப் பட்டியலில் பிழை பூஜ்ஜியமாகிறது. நிஜப் பட்டியல்கள் இப்படி அச்சுப்போல ஏறுவதில்லை. மேடு பள்ளம் கூடக் கூட இந்த இடைவெளிகள் சுருங்கும். ஆகவே மாதிரி எடுக்கும் முன், பட்டியல் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.