பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள் தரும் கையேட்டில் ‘மாணவர் கருத்து’ என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். ஆறு புகைப்படங்கள், ஆறு பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. “சிறந்த பயிற்சி, அன்பான ஆசிரியர்கள், என் வெற்றிக்கு இந்த மையமே காரணம்.” ஒருவர் சொன்னதை இன்னொருவர் படத்துக்குக் கீழே மாற்றிப் போட்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படித் தெரியாவிட்டால் அந்தப் பக்கத்தை யாரும் நம்பப்போவதில்லை. மாணவர்கள் உண்மையிலேயே பாராட்டியிருப்பார்கள். அதைத் திருத்தியவர் கையில்தான் எல்லாம் ஒரே குரலாகிப் போயிருக்கும்.

கோளாறு கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. “மையத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டால் யாராக இருந்தாலும் மரியாதைக்குப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பதிலாக நடந்ததைக் கேட்க வேண்டும். சேருவதற்கு முன்பு எந்த இடத்தில் திணறினீர்கள்? சேரத் தயங்கியது எதனால்? இங்கே எந்த வகுப்பு, எந்தப் பயிற்சி கைகொடுத்தது? இங்கே என்ன குறை? இந்த நான்கும் போதும். எழுதித் தரச் சொல்லாமல், பேசவிட்டுச் செல்போனில் பதிவு செய்வது நல்லது. பேனாவை எடுத்ததும் பலருக்கு விழா மேடை மொழி வந்துவிடும்.

குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்வோம். அதில் 200 கேள்விகள். தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் சேர்ந்து 25. விடை தெரியாத கேள்விக்கு ‘விடை தெரியவில்லை’ என்று தனியாக ஒரு வட்டம் உண்டு. ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபடி படித்துத் தேறிய ஒரு பெண்ணிடம் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டதாக வைத்துக்கொள்வோம். அவர் இப்படிச் சொல்லக்கூடும்:

“முதல் தடவை எழுதினப்போ கணக்குல பாதிக்கு மேல ‘விடை தெரியவில்லை’ன்னு கருப்படிச்சிட்டு வந்தேன். கடை சாத்தவே ராத்திரி ஒன்பதரை ஆகும், எப்படி கிளாஸ் வர்றதுன்னு யோசிச்சேன். ஞாயித்துக்கிழமை சார் பழைய கேள்வித்தாளை வச்சு விகிதம், தனிவட்டி ரெண்டையும் திரும்பத் திரும்பப் போட வச்சாரு. அடுத்த தடவை நாலு கணக்குதான் விட்டேன். நடப்பு நிகழ்வு நோட்ஸ் மட்டும் லேட்டாத்தான் வரும். நானே பேப்பர் பார்த்துப் படிச்சுக்கிட்டேன்.”

வழக்கமாக அலுவலகத்தில் இது, “கணிதத்தில் பின்தங்கியிருந்த என்னைச் சிறந்த வழிகாட்டுதலால் வெற்றிபெறச் செய்தனர்” என்று ஆகிவிடும். ஒன்பதரை மணி போயிற்று, தனிவட்டி போயிற்று, கருப்படித்த வட்டமும் போயிற்று. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் இன்னொரு பெண் தன்னை அடையாளம் காண்பது அந்த விவரங்களில்தான்.

திருத்துவதற்கு ஒரே விதி: வெட்டலாம், சேர்க்கக் கூடாது. இடம் குறைவென்றால், “முதல் தடவை கணக்குல பாதிக்கு மேல ‘விடை தெரியவில்லை’ன்னு கருப்படிச்சிட்டு வந்தேன்… அடுத்த தடவை நாலு கணக்குதான் விட்டேன்” என்று மட்டும் போடலாம். விட்ட இடத்தில் புள்ளி வைத்தால் போதும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்க வேண்டாம். வெட்டியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டி, “நீங்க சொன்னது இதுதானா?” என்று கேட்டுவிட வேண்டும். ஒருவர் கருத்து இரண்டு வரியாகவும் இன்னொருவருடையது எட்டு வரியாகவும் இருந்தால் இருக்கட்டும். நோட்ஸ் தாமதமானது போன்ற சிறு குறையையும் விட்டுவைக்கலாம். குறையைச் சொல்லத் துணிந்தவர் நிறையைச் சொன்னால் படிப்பவர் நம்புவார்.

பெயரோடு எந்த வகுப்பு, எந்த ஆண்டுத் தேர்வு என்பதும் வர வேண்டும். முழுப் படிப்பு படித்தவரா, மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவரா என்பது தெரியாவிட்டால் அந்தப் பாராட்டு எதற்கு உரியது என்றே புரியாது. சட்டமும் இதைக் கேட்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, மாணவரின் பெயர், படம், கருத்து எதைப் பயன்படுத்தவும் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அதையும் அவர் தேர்ச்சி பெற்ற பிறகுதான் வாங்க வேண்டும். சேரும்போதே விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவைத்தால் செல்லாது.

இவ்வளவு செய்தாலும் அந்தப் பக்கத்தில் பேசுவது தேறியவர்கள் மட்டுமே. எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் தேறினார்கள் என்பதை எந்தக் கருத்தும் சொல்லாது. அதை மையம்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த கையேட்டை அச்சகத்துக்கு அனுப்பும் முன் பெயர்களை மறைத்துவிட்டு ஒருமுறை படியுங்கள். எது யார் சொன்னது என்று உங்கள் ஆசிரியர்களே கண்டுபிடிக்க முடியாவிட்டால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அந்த மாணவர்களை மறுபடி கூப்பிட்டுப் பேசுங்கள்.