வெறுந்தாளையும் ஸ்கேன் செய்யுங்கள்

அத்தையின் 80ஆவது பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் செய்ய வேண்டியிருந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு நல்ல புகைப்படம். பச்சைச் சுவருக்கு முன்னால், இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறார். சுவரை நீக்கிவிட்டு, நான் வரைந்த வாட்டர்கலர் படம் ஒன்றின் மேல் அவரை வைத்தேன். பார்த்ததும் அக்கா சொன்னாள்: "அத்தைய வெட்டி ஒட்டின மாதிரியே இருக்குடா."

உண்மைதான். கத்தரித்ததில் பெரிய பிழை இல்லை. பின்னணியில் தாளின் சொரசொரப்பு இருந்தது, அத்தையின் மேல் அது இல்லை. அத்தைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தது, தாளின் மேடு பள்ளங்களுக்கு வேறு பக்கமிருந்து வந்தது. இந்த இரண்டையும் சரிசெய்தால் ஒட்டு மறையும். அந்த வேலை கணினியில் தொடங்குவதில்லை, தாளில் தொடங்குகிறது.

வாட்டர்கலர் தாளின் மேற்பரப்பில் சின்னச் சின்ன மேடுகளும் குழிகளும் இருக்கும். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியென்னா போன்ற வண்ணங்களில் தூள் ஒரே சீராகப் பரவாது. தண்ணீர் நிறைய விட்டுப் பூசினால் அது குழிகளில் போய்ப் படிந்து, உலர்ந்ததும் புள்ளி புள்ளியாகத் தெரியும். நமக்கு வேண்டியது இந்தப் புள்ளிகள்தான். அதனால் அத்தைக்காக அல்ட்ராமரைனில் சியென்னாவைக் கலந்து, வெளிறிய சாம்பல் நீலமாக ஒரே பூச்சாகப் பூசினேன். பூ, இலை எதுவும் வரையவில்லை. முகம் இருக்கும் இடத்துக்குப் பின்னால் இன்னொரு படம் போட்டி போடக் கூடாது.

எந்த அளவில் அச்சிடப் போகிறோமோ அந்த அளவிலேயே பூசுவது நல்லது. சின்னத் தாளில் பூசி இரண்டு மடங்கு பெரிதாக்கினால் மேடு பள்ளங்களும் இரண்டு மடங்காகும். தாள் சாக்குத்துணி போலத் தெரியும். அழைப்பிதழ் A5 என்பதால் நானும் A5 அளவிலேயே பூசினேன். அதை 300 dpi-யில் ஸ்கேன் செய்தால் 1748 x 2480 பிக்சல் கிடைக்கும். அச்சுக்கு அது போதும். ஓரம் வெட்ட இடம் வேண்டும் என்பதால் சுற்றிலும் ஒரு விரல் அளவு கூடுதலாகப் பூசிக்கொண்டேன்.

தாள் முழுக்கக் காய்ந்த பிறகும் நெளிந்திருக்கும். USB கம்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மெல்லிய ஸ்கேனர்கள் கண்ணாடியைத் தொட்டிருப்பதைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். தாள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலே அந்த இடத்தில் சொரசொரப்பு மங்கிவிடும். முதல் ஸ்கேனில் எனக்கு நடுப்பகுதி தெளிவாகவும் மூலைகள் புகை படிந்தது போலவும் வந்தன. தாளின் பின்புறத்தை ஈரப் பஞ்சால் லேசாகத் துடைத்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டேன். காலையில் தட்டையாக இருந்தது.

ஸ்கேனர் மென்பொருளில் தானாகத் திருத்தும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். வெளிச்சத்தைத் தானே சரிசெய்யும் வசதி, வெளிறிய பூச்சைத் தாளின் வெண்மை என்று நினைத்து அழித்துவிடும். தூசி நீக்கும் வசதி தாளின் புள்ளிகளையே தூசியாக எண்ணும். கோப்பை TIFF ஆகச் சேமியுங்கள். JPEG கோப்பைச் சுருக்கும்போது முதலில் பலியாவது இந்த நுண்ணிய புள்ளிகள்தான்.

அடுத்தது வெளிச்சத்தின் திசை. வீட்டு ஸ்கேனர்கள் பலவற்றில் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். அதனால் தாளின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் மெல்லிய நிழலும் இருக்கும். உங்கள் ஸ்கேனரில் எந்தப் பக்கம் என்று அறிய ஒரு நாணயத்தை வைத்து ஸ்கேன் செய்து, விளிம்பில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். என் ஸ்கேனரில் வெளிச்சம் மேலிருந்து வந்தது. அத்தைக்கோ இடமிருந்து. எனவே தாளைக் கண்ணாடியில் கால் சுற்றுத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்து, கணினியில் மறுபடி நேராக்கினேன். மேடுகளின் நிழல் வலப்பக்கம் வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆனால் உருவம் அதன் மேல் உட்கார்ந்ததும் கண் அதை உணர்ந்துவிடுகிறது.

அதே கையோடு, அதே தாளின் இன்னொரு துண்டை, எதுவும் பூசாமல், அதே திசையில் வைத்து ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டேன். மொத்த வேலையிலும் இதுதான் முக்கியமான படி.

காரணம் சொல்கிறேன். உருவத்தின் மேல் சொரசொரப்பு வர வேண்டும் என்றதும் பலரும் புகைப்பட லேயரை Multiply-க்கு மாற்றுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கீழே இருக்கும் தாள் மேலே தெரியத்தான் செய்யும். கூடவே அதன் நிறமும் ஏறிவிடும். அத்தையின் நரைமுடி நீலமானது, பல் நீலமானது, முகம் கறுத்தது. நமக்கு வேண்டியது தாளின் மேடு பள்ளம் மட்டும், வண்ணம் அல்ல. அது வெறுந்தாளில்தான் தனியாகக் கிடைக்கும்.

GIMP-இல் வெறுந்தாள் ஸ்கேனை எல்லாவற்றுக்கும் மேல் லேயராக வைத்து, Colors பட்டியலில் இருக்கும் Desaturate கொண்டு நிறத்தை நீக்கினேன். பிறகு Filters > Enhance > High Pass. தாள் முழுவதும் நடுத்தரச் சாம்பலாகி, மேடு பள்ளங்கள் மட்டும் மிஞ்சும். லேயரின் Mode-ஐ Soft light என்று மாற்றினால் சாம்பல் மறைந்து சொரசொரப்பு மட்டும் முகத்தில் படியும். பின்னணிக்கு அதன் சொந்தச் சொரசொரப்பு இருப்பதால், அத்தையைக் கத்தரித்த அதே மாஸ்க்கை இந்த லேயருக்கும் போட்டேன். Opacity-ஐ 25க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் கன்னத்தில் அம்மைத் தழும்பு போலத் தோன்றுகிறது. திரையில் 100 விழுக்காடு அளவில் வைத்துப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். சுருக்கிப் பார்த்தால் ஏமாற்றும்.

இனி விளிம்பு. பச்சைச் சுவரின் சாயல் நரைமுடி ஓரத்தில் மெல்லிய கோடாக ஒட்டியிருந்தது. கத்தரிப்பை ஒரு பிக்சல் உள்ளே இழுத்ததில் தோளிலும் புடவையிலும் அது போய்விட்டது. முடியில் போகவில்லை. அங்கே ஓரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து Saturation-ஐக் குறைத்தேன். நரைமுடிக்கு நிறம் தேவையில்லை என்பதால் இது பலித்தது. கருமுடிக்கும் ஓரளவு பலிக்கும். மருதாணி போட்ட முடிக்கு இந்த வழி உதவாது, செம்மையும் சேர்ந்து போய்விடும்.

கடைசியாக இடுப்புக்குக் கீழே. நாற்காலியோடு நேர்கோட்டில் வெட்டினால் அசிங்கம். மென்மையான பிரஷ்ஷால் அழித்தால் பனிமூட்டம் போலாகிறது; வாட்டர்கலர் அப்படி முடிவதில்லை. தண்ணீர் குறைந்த பிரஷ்ஷில் கறுப்பு மையைத் தொட்டு, அதே தாளில் ஓர் அகல இழுப்பு இழுத்தேன். ஈரம் தீரும் இடத்தில் அது கிழிந்து கிழிந்து முடிந்தது. அதை ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையை Invert செய்து, அத்தையின் மாஸ்க்கின் கீழ்ப்பகுதியில் வைத்தேன். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும். புடவை மடிப்பு இப்போது ஒரு பிரஷ் இழுப்பாக நீலத்துக்குள் முடிகிறது.

அச்சகத்தில் கொடுத்தபோது, "மேல பளபளன்னு லேமினேஷன் போட்டுடவா சார்?" என்று கேட்டார்கள். ஒரு பிரதியில் போட்டுப் பார்த்தோம். விளக்கொளி வழவழப்பில் பட்டு மின்ன, தாளில் நாம் கொண்டுவந்த சொரசொரப்பு பொய்யாகிவிட்டது. மினுமினுப்பில்லாத தாளில், மேலே எதுவும் பூசாமல் அச்சிட்டது நன்றாக வந்தது. நீங்கள் செய்தாலும் அச்சகத்தில் லேமினேஷன் வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்களாகவே போட்டுவிடக்கூடும்.