வெள்ளிக்கிழமை தெரியாத எண்

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தின் பழைய ஆட்டங்களும், அவற்றுக்குப் பந்தய நிறுவனங்கள் கொடுத்த ஆட்ஸும் football-data.co.uk தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சீசனுக்கு ஒரு கோப்பு, ஆட்டத்துக்கு ஒரு வரி, மொத்தம் 380 வரிகள். யார் ஜெயித்தார்கள், இலக்கை நோக்கி எத்தனை முறை பந்தை அடித்தார்கள், எந்த நிறுவனம் என்ன விலை சொன்னது என்பதெல்லாம் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். ஒரு பந்தய உத்தி பழைய ஆட்டங்களில் என்ன சம்பாதித்திருக்கும் என்று பார்ப்பதைப் பேக்டெஸ்ட் என்கிறார்கள். இந்தக் கோப்பு அதைச் சுலபமாக்குகிறது, ஆபத்தாகவும் ஆக்குகிறது. ஆட்டத்துக்கு முன் தெரிந்திருந்த எண்ணும், ஆட்டம் முடிந்த பிறகே தெரிந்த எண்ணும் அதில் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் விலையைப் பார்ப்போம். சொந்த மைதான அணிக்கு 2.10, சமனுக்கு 3.40, வெளி அணிக்கு 3.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.10 என்றால், 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 210 ரூபாய் கைக்கு வரும். ஒவ்வொரு விலையாலும் 100ஐ வகுத்தால் 47.6, 29.4, 27.8 கிடைக்கும், கூட்டினால் 104.8. நூறுக்கு மேல் நிற்கும் அந்த 4.8தான் நிறுவனத்தின் பங்கு. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவர் நீண்ட காலத்தில் நூற்றுக்குச் சுமார் நாலரை ரூபாய் இழப்பார். எந்த உத்தியும் அந்தப் பள்ளத்திலிருந்துதான் ஏறத் தொடங்க வேண்டும்.

எளிய உத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைசி ஆறு ஆட்டங்களில் எதிரணியைவிட அதிகமாக இலக்கை நோக்கி அடித்த அணியின் மேல் கட்டுவது. ஒவ்வொரு ஆட்டத்தையும் அணிக்கு ஒன்றாக இரண்டு வரிகளாகப் பிரித்து, தேதி வரிசையில் அடுக்கிய பிறகு சராசரியை இரண்டு விதமாக எடுக்கலாம்:

```
g = df.groupby("Team")["SOT"]
df["leaky"] = g.transform(lambda s: s.rolling(6).mean())
df["clean"] = g.transform(lambda s: s.shift(1).rolling(6).mean())
```

இரண்டுக்கும் இடையே `shift(1)` ஒன்றுதான் வேறுபாடு. அது இல்லாத சராசரியில், நாம் கட்டப்போகும் ஆட்டத்திலேயே அடிக்கப்போகும் பந்துகளும் சேர்ந்துவிடுகின்றன. நன்றாக ஆடி ஜெயித்த அணியை, நன்றாக ஆடியதாலேயே தேர்ந்தெடுக்கிறோம். லாபம் கொட்டும், அதில் ஒரு ரூபாய்கூட உண்மையில்லை. சீசன் முடிவின் புள்ளிப்பட்டியலை வைத்துப் பலமான அணி எதுவென்று தீர்மானிப்பதும் இதே தவறுதான். 2015 ஆகஸ்டில் லெஸ்டர் சிட்டியைச் சாம்பியன் தரத்து அணியாக எண்ணுவதற்கு யாரிடமும் காரணம் இருக்கவில்லை. அவர்கள் கோப்பையை வென்றது 2016 மே மாதத்தில்.

இந்தக் கசிவைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. கோப்பை ஒரு தேதியில் வெட்டி, அதற்குப் பிந்திய வரிகளை நீக்கிவிடுங்கள். கடைசி நாள் ஆட்டங்களின் முடிவுக் கட்டங்களையும் அழித்துவிட்டு, எல்லாச் சராசரிகளையும் மறுபடி கணக்கிடுங்கள். மிஞ்சிய வரிகளில் ஏதாவது ஒரு சராசரி மாறினாலோ காணாமல் போனாலோ, அது வருங்காலத்தை எட்டிப் பார்த்திருக்கிறது. நிரலை எத்தனை முறை படித்தாலும் பிடிபடாத பிழையை இந்தச் சோதனை பிடித்துக் கொடுத்துவிடும்.

விலையிலும் இதே வலை இருக்கிறது. பின்னகிள் நிறுவனம் சொந்த மைதான அணிக்குக் கொடுத்த விலை இரண்டு பத்திகளில் வருகிறது. `PSH` என்பது வார இறுதி ஆட்டங்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலில் சேகரித்தது. `PSCH` ஆட்டம் தொடங்கும் தறுவாயில் நின்ற இறுதி விலை. காயம், அணித்தேர்வு, பெரிய பணம் எந்தப் பக்கம் போனது என்பதையெல்லாம் இறுதி விலை உள்வாங்கியிருக்கும். அதைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுத்து, வெள்ளிக்கிழமை விலைக்கு வாங்கியதாகக் கணக்கு எழுதினால், நாளைய செய்தித்தாளைப் படித்துவிட்டு இன்று பந்தயம் கட்டியதாகிவிடும். `MaxH` பத்தியையும் நான் நம்பமாட்டேன். பல நிறுவனங்களில் எவரோ ஒருவர் கொடுத்த மிக உயர்ந்த விலை அது. நீங்கள் கட்டப் போகும்போது அது இருக்குமா, உங்களிடம் அந்த நிறுவனத்தில் கணக்கு இருக்குமா என்று கோப்பு சொல்லாது.

காலத்தைச் சரியாகக் காத்துவிட்டாலும் இரண்டாவது எதிரி நிற்கிறது. ஆறு ஆட்டங்களுக்குப் பதில் எட்டு வைத்தால்? விலை 3க்கு மேல் மட்டும் என்றால்? டிசம்பரை விட்டுவிட்டால்? இப்படி மாற்றி மாற்றிப் பார்த்து, மிக நன்றாக வந்ததை எடுத்துக்கொள்வதை ஓவர்ஃபிட்டிங் என்பார்கள். அது எவ்வளவு ஏமாற்றும் என்று கணக்கிட்டே பார்க்கலாம். 3.50 போன்ற விலையில் 400 பந்தயங்கள் கட்டினால், வெறும் அதிர்ஷ்டமே லாப சதவீதத்தைச் சுமார் 8 புள்ளி மேலேயோ கீழேயோ சாதாரணமாக நகர்த்திவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நூறு விதிகளைப் போட்டுப் பார்த்தால், அவற்றில் அதிகம் அதிர்ஷ்டம் பெற்றது 20 புள்ளி அளவுக்கு உயர்ந்து நிற்பது இயல்பு. நிறுவனத்தின் பங்கைக் கழித்த பிறகும், ஒரு பயனுமில்லாத விதி 15 சதவீத லாபம் காட்டும். அதனால் ஒருவர் லாபத்தை மட்டும் சொல்லி, எத்தனை விதிகளை முயன்றார் என்பதைச் சொல்லாவிட்டால், அவர் எனக்கு எதையுமே சொல்லவில்லை.

இதற்கு மருந்து, சில சீசன்களைத் தொடாமல் பூட்டிவைப்பது. 2018-19 வரையிலான ஆட்டங்களில் விதியை உருவாக்கி எழுதி முடித்துவிட்டு, அடுத்த சீசனில் ஒரே ஒரு முறை ஓட்ட வேண்டும். பிறகு அந்தச் சீசனையும் பழைய தரவோடு சேர்த்து, அதற்கடுத்ததில் ஓட்ட வேண்டும். முடிவு பிடிக்காமல் விதியைத் திருத்தினால், பூட்டிவைத்த சீசன் அந்தக் கணமே பயிற்சித் தரவாகிவிடுகிறது. 2020-21 இதற்குக் கடுமையான சோதனை. கோவிட் காரணமாகப் பெரும்பாலான ஆட்டங்கள் ரசிகர்கள் இல்லாமல் நடந்தன. அந்தச் சீசனில் சொந்த மைதான வெற்றிகளைவிட வெளி அணி வெற்றிகளே அதிகம். அது விதிவிலக்கு என்று சொல்லி நீக்கிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் அப்போது கட்டியிருந்தவரால் அந்த நஷ்டத்தை நீக்கியிருக்க முடியாது.

சிறிய லாபம் உண்மையா என்று முடிவுகளை மட்டும் வைத்து அறிய மிக அதிக ஆட்டங்கள் வேண்டும். மேலே சொன்ன விலையில் 3 சதவீத லாபத்தை அதிர்ஷ்டத்திலிருந்து ஓரளவு பிரித்தறியவே 11,000 பந்தயங்கள் தேவை. இங்கேதான் இறுதி விலை உதவிக்கு வருகிறது. தேர்வுக்கு விஷமான அதே எண், தேர்வு முடிந்த பின் நல்ல அளவுகோல். வெள்ளிக்கிழமை 2.10க்கு வாங்கினோம், இறுதியில் மூன்று விலைகளும் 2.00, 3.50, 3.90 என்று நின்றன. 2.00ஐவிட 2.10 ஐந்து சதவீதம் மேல் என்று மகிழக்கூடாது. அந்த மூன்றும் கூட்டினால் 104.2 வருகிறது, நிறுவனத்தின் பங்கை நீக்கினால் நியாய விலை 2.08. நமக்கு மிஞ்சுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கோல் விழுந்ததா இல்லையா என்ற பெரிய ஊசலாட்டம் இந்த அளவையில் கலக்காததால், சில நூறு பந்தயங்களிலேயே போக்கு தெரிந்துவிடும். இறுதி விலை ஏறக்குறைய நியாயமானது என்ற அனுமானத்தின் மேல்தான் இது நிற்கிறது. பெரிய லீகுகளில் அதை ஓரளவு நம்பலாம், பணம் குறைவாகப் புழங்கும் சிறிய லீகுகளில் நம்ப முடியாது.

2017இல் லிசாண்ட்ரோ கவுனிட்ஸும் இரண்டு சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இந்தப் பாதையை முழுதாக நடந்தது. பல நிறுவனங்களின் சராசரி விலையை உண்மைக்கு அருகிலானது என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மிக உயர்ந்து நின்ற விலையில் மட்டும் கட்டுவது அவர்கள் உத்தி. பத்தாண்டுகளின் இறுதி விலைகளில் அது 3.5 சதவீத லாபம் காட்டியது. இறுதி விலையில் நடைமுறையில் கட்ட முடியாது என்பதால், ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முந்தைய விலைகளைத் தாங்களே சேகரித்து மீண்டும் சோதித்தார்கள். பிறகு பணமில்லாமல் காகிதத்தில், பிறகு சொந்தப் பணத்தில். நான்கு கட்டத்திலும் லாபம் நின்றது. சில மாதங்களில் நிறுவனங்கள் அவர்கள் கட்டக்கூடிய தொகையைக் குறைக்கத் தொடங்கின. கோப்பில் அதற்கான பத்தி கிடையாது.