கடிபட்ட வீட்டுக்கும் கடித்த வீட்டுக்கும்

ஒரு வயதுக்கு மேல் மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் ஓர் அறையில் இருந்தால், என்றாவது ஒரு நாள் ஒன்று இன்னொன்றைக் கடித்துவைக்கும். டே கேர் நடத்துகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதை மறுக்கமாட்டார்கள். பல் முளைக்கும் நேரத்து ஈறு ஊறல், பசி, தூக்கம், கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கிய ஆத்திரம், ‘விடு’ என்று சொல்ல வாய் வராதது எனக் காரணங்கள் ஏராளம். பெரும்பாலான கடிகளில் தோல் கிழிவதில்லை. பல் தடம் பதிந்து சிவக்கும், ஓரிரு நாளில் தெரியாமல் போகும். காப்பகத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி கொடுப்பது காயம் அல்ல, சாயங்காலம் இரண்டு வீட்டாருக்கும் எழுதித் தர வேண்டிய காகிதம்தான்.

இங்கிலாந்தில் குழந்தைக்கு அடிபட்டால், அன்றே அல்லது முடிந்தவரை சீக்கிரம் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும், என்ன முதலுதவி செய்தார்கள் என்பதையும் சேர்த்து. ஆஸ்திரேலியாவில் 24 மணி நேரம் கெடு. அங்கே அந்தக் குறிப்பை, குழந்தை வளர்ந்து 25 வயது ஆகும்வரை பத்திரப்படுத்தவும் வேண்டும். நம் நாட்டில் சட்டப்படி, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். இந்த நான்கு முறை என்பதைக் காப்பகத்தில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது. காகிதம் எழுதி முடிப்பதற்குள் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, கையில் பல் தடத்தைத் தானே பார்த்துவிட்டால் அதற்கப்புறம் என்ன எழுதினாலும் எடுபடாது. முதலில் போன், பிறகுதான் எழுத்து.

ஒரு சம்பவத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் காப்பகம். எட்டுப் பிள்ளைகள், ஒரு மிஸ், ஓர் ஆயா. காலை 11.40. சாப்பாட்டுக்கு முன்னால் ஆயா இரண்டு பேரைக் கை கழுவ அழைத்துப் போயிருக்கிறார். மிஸ் மூலையில் உள்ள மேசையில் ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறார். மேசை சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. வீறிட்ட சத்தம் கேட்டுத் திரும்புகிறார். 19 மாதப் பாப்பா இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பக்கத்தில் இரண்டு வயது தாண்டிய ஒரு பையன் மஞ்சள் லாரியை மார்போடு அணைத்தபடி நிற்கிறான். பாப்பாவின் முன்கையில் முட்டை வடிவத்தில் பல் தடம்.

பாப்பாவைத் தூக்கிச் சமாதானப்படுத்தி, கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வைக்கிறார்கள். பையனிடம் குனிந்து, “கடிச்சா வலிக்கும், கடிக்கக் கூடாது” என்று ஒரே வாக்கியம். அந்த வயதில் அதற்கு மேல் உபதேசம் ஏறாது. அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு மிஸ் நோட்டை எடுக்கிறார். முதலில் எழுதியது இப்படி:

‘லாரிக்காகச் சண்டை வந்தது. பாப்பா அதைப் பிடுங்கப் பார்த்ததால் தம்பிக்குக் கோபம் வந்து பலமாகக் கடித்துவிட்டான். உடனே விலக்கிவிட்டோம்.’

பொறுப்பாளர் படித்துவிட்டுக் கேட்கிறார்: “நீங்க பார்த்தீங்களா மிஸ்?”

“இல்ல மேடம். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.”

“அப்ப அதையே எழுதுங்க.”

மூன்று வாக்கியத்தில் எத்தனை ஊகம் என்று எண்ணிப் பாருங்கள். சண்டை என்பது ஊகம். பிடுங்கியது ஊகம். கோபம் ஊகம். ‘பலமாக’ என்பதற்கு அளவே கிடையாது. இதைப் பாப்பாவின் அப்பா படித்தால், ‘என் பொண்ணு மேலேயே பழியா?’ என்பார். பையனின் அம்மா படித்தால், இரண்டு வயதுப் பிள்ளையை முரடனாக்கிவிட்டார்கள் என்று குமுறுவார். ஒரே காகிதம் இரண்டு வீட்டையும் புண்படுத்திவிடும். ‘உடனே விலக்கிவிட்டோம்’ என்பதும் சரியில்லை. மிஸ் திரும்பிப் பார்த்தபோது விலக்குவதற்கு எதுவும் மிச்சமில்லை.

திருத்தி, பாப்பாவின் வீட்டுக்கு எழுதியது:

‘காலை 11.40 மணி அளவில் நான் டயப்பர் மாற்றும் மேசையில் இன்னொரு குழந்தையோடு இருந்தேன். ஆயா கை கழுவும் இடத்தில் இருந்தார். பாப்பா அழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நடந்ததை நானோ ஆயாவோ நேரில் பார்க்கவில்லை. இடது முன்கையின் வெளிப்பக்கம், முழங்கைக்குக் கீழே, குழந்தையின் பல் தடம் இருந்தது. அகலம் சுமார் 2 செ.மீ. தோல் கிழியவில்லை, ரத்தம் இல்லை. இன்னொரு குழந்தை கடித்ததாகத் தெரிகிறது. சோப்பால் கழுவி ஐஸ் வைத்தோம். ஐந்து நிமிடத்தில் அழுகை நின்றது. 11.55-க்கு அம்மாவிடம் போனில் சொன்னோம். 12.15-க்குச் சாப்பிட்டாள். 2.30-க்குப் பார்த்தபோது சிவப்பு குறைந்திருந்தது.’

இதில் மிஸ்ஸுக்கு எழுதக் கஷ்டமாக இருந்திருக்கும் வாக்கியம் ‘நேரில் பார்க்கவில்லை’ என்பது. வேலைக்கு ஆபத்து வருமோ என்று கை தயங்கும். ஆனால் இன்றைக்கு அறைக்கு அறை கேமரா இருக்கிறது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிட்டு, மறுநாள் பதிவைப் போட்டுப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். கேமராவில் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதினால், ‘கேமரா பதிவில் பார்த்தது’ என்று தனியாகக் குறிக்க வேண்டும். கண்ணால் கண்டதோடு கலக்கக் கூடாது.

இரண்டு செ.மீ. என்று எதற்காக அளந்தார்கள்? சிறு பிள்ளையின் வாய் சிறியது. மேல் வரிசையில் ஒரு கோரைப்பல்லிலிருந்து மற்றக் கோரைப்பல் வரை உள்ள இடைவெளி மூன்று செ.மீ.க்கு மேல் இருந்தால், கடித்தது பெரியவராக இருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். தடம் சில மணி நேரத்தில் மங்கிவிடும். பிறகு யாராவது வேறு விதமாகக் கேள்வி எழுப்பினால், அப்போதே அளந்து எழுதிய எண்தான் காப்பகத்துக்குச் சாட்சி. பல இடங்களில் படிவத்திலேயே ஓர் உடல் படம் அச்சிட்டிருப்பார்கள். அதில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டால் போதும், இடதா வலதா என்ற குழப்பம் வராது.

பையனின் வீட்டுக்குப் போகும் காகிதம் தனி. நேரம், இடம், பார்க்கவில்லை என்ற வாக்கியம் எல்லாம் அதிலும் அப்படியே இருக்க வேண்டும். மாறுவது இவ்வளவுதான்: ‘அருகில் தம்பி மட்டும் நின்றிருந்தான். கையில் லாரி இருந்தது. அவன் கடித்திருக்கலாம் என்று நினைக்கிறோம். வாயைப் பார்த்தோம், ரத்தம் இல்லை. கடித்தால் வலிக்கும் என்று சொன்னோம். பிறகு அவன் வழக்கம்போல் விளையாடினான்.’ நினைப்பது என்றால் நினைப்பது என்றே எழுதுவது. மன்னிப்புக் கேட்க வைத்தோம், தனியாக உட்கார வைத்தோம் என்றெல்லாம் இல்லை. இரண்டு வீட்டாரும் நாளைக்கு இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரே சம்பவமாகத் தெரிய வேண்டும். எழுதியது சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இரண்டு காகிதத்திலும் இல்லாத ஒன்று, மற்றக் குழந்தையின் பெயர். சாயங்காலம் வாசலில் இது வந்தே தீரும்.

“யாரு மிஸ் கடிச்சது? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.”

“அதை நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லைம்மா. நாளைக்கு உங்க பாப்பா கடிச்சாலும் பேர் சொல்லமாட்டோம். அந்த வீட்லயும் பேசியிருக்கோம்.”

மூன்று வயதுப் பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெயரைச் சொல்லிவிடும். பெற்றோர் வாட்ஸாப் குழுவில் இரவு ஒன்பது மணிக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே ரகசியம் என்று இதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது நடைமுறை உண்மை. இருந்தும் காப்பகத்தின் காகிதத்தில் பெயர் வராமல் இருப்பதில் பொருள் இருக்கிறது என்பேன். ‘கடிக்கிற பையன்’ என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், பிறந்தநாள் அழைப்பில்கூட அவன் விடுபடுவான். அவன் அம்மாவோ காப்பகத்திலிருந்து போன் வந்தாலே பதற ஆரம்பித்துவிடுவார்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் கதை வேறு. அப்போது இரண்டு குழந்தைகளுக்குமே அது மருத்துவ விஷயம். கடித்த குழந்தையின் வாய்க்குள் மற்றவரின் ரத்தம் போயிருக்கிறது என்பதை அவசரத்தில் பலரும் யோசிப்பதில்லை. இரண்டு வீட்டாரிடமும் அன்றே டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டவணை சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். எச்.ஐ.வி. பற்றித்தான் பெற்றோர் முதலில் பயப்படுவார்கள். சிறுபிள்ளைக் கடியால் அது பரவுவது மிக மிக அரிது. பின்னால் கவனிக்க வேண்டியது காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா, சூடாக இருக்கிறதா, சீழ் வைக்கிறதா, காய்ச்சல் வருகிறதா என்பதை. இந்த வரிகள் படிவத்திலேயே இருந்தால், வீட்டில் பாட்டி தாத்தாவும் படித்துக்கொள்வார்கள்.

அடியில் பெற்றோர் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்து ‘படித்தேன்’ என்பதற்கு மட்டுமே, ‘ஒப்புக்கொண்டேன்’ என்பதற்கு அல்ல என்று வாயால் சொல்லிவிடுவது நல்லது. போட மறுத்தால் சண்டை வேண்டாம். ‘கையெழுத்திட விரும்பவில்லை’ என்று தேதியோடு எழுதிக்கொண்டால் போதும்.

இந்தக் காகிதங்களுக்குப் பெற்றோரைத் தவிர இன்னொரு வாசகரும் உண்டு: காப்பகமேதான். நம் உதாரணத்தில் பொறுப்பாளர் அந்த மாதத்துக் குறிப்புகளை வரிசையாகப் பிரித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கடிகள். கடித்தவர்கள் வேறு வேறு பிள்ளைகள். ஆனால் மூன்றுமே 11.30-க்கும் 12-க்கும் இடையில், மூன்றுமே பொம்மை மூலையில், மூன்று முறையும் ஆயா கை கழுவும் இடத்தில். ‘கோபக்காரப் பையன்’ என்று எழுதியிருந்தால் இது ஒருபோதும் கண்ணில் பட்டிருக்காது. பசி நேரம், ஒரே ஒரு மஞ்சள் லாரி, பார்க்க ஆள் இல்லாத பத்து நிமிடம். அவர் சாப்பாட்டைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளினார். அதே நிறத்தில் இன்னொரு லாரி வாங்கிப் போட்டார். டயப்பர் மேசையை அறையைப் பார்த்தபடி திருப்பிப் போடச் சொன்னார்.