நிறம் சொல்லும் மேலடுக்கு

இரண்டு சோதனைக்குழாய்களிலும் நிறமற்ற உப்புக் கரைசல். ஒன்றில் பொட்டாசியம் புரோமைடு, மற்றதில் பொட்டாசியம் அயோடைடு. இரண்டிலும் குளோரின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இரண்டுமே நிறம் மாறும். முதலாவது மஞ்சளாகி ஆரஞ்சுக்குப் போகும், இரண்டாவது பழுப்பாகும். எழுத்தில் இவை வேறு வேறு நிறங்கள். ஆனால் கரைசலின் அடர்த்தியைப் பொறுத்து ஒன்று மற்றதைப் போலவே தெரியும். நீர்த்த அயோடின் மஞ்சளாகத் தோன்றும். செறிந்த புரோமின் பழுப்பாகத் தோன்றும். நீரின் நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அதற்காகத்தான் ஹெக்சேன் அல்லது சைக்ளோஹெக்சேன் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பானைச் சேர்க்கிறார்கள். 2 மில்லி கரைசலுக்கு 1 மில்லி போதும். நீரோடு கலக்காது, நீரைவிட லேசானது என்பதால் மேலே தனி அடுக்காக நிற்கும். குழாயை மூடி நன்றாகக் குலுக்கி ஒரு நிமிடம் விட்டால், விடுபட்ட புரோமினோ அயோடினோ பெரும்பாலும் மேலடுக்குக்கு ஏறிவிடும். அங்கே குழப்பமே இல்லை. புரோமின் என்றால் ஆரஞ்சு, அயோடின் என்றால் கத்தரிப்பூ நிறம். குளோரின் மட்டும் இருந்தால் மேலடுக்கு ஏறக்குறைய நிறமற்றே இருக்கும்.

ஒரே அயோடின் நீரில் பழுப்பாகவும் ஹெக்சேனில் ஊதாவாகவும் இருப்பது ஏன்? ஹெக்சேன் அயோடின் மூலக்கூறை எதனோடும் பிணைக்காமல் விட்டுவைக்கிறது. அதனால் அயோடின் ஆவியில் காணும் அதே ஊதா நிறம் அங்கும் கிடைக்கிறது. தூய நீரில் அயோடின் மிகக் குறைவாகவே கரையும், லிட்டருக்குச் சுமார் 0.3 கிராம். ஆனால் நீரில் அயோடைடு அயனியும் இருந்தால் இரண்டும் சேர்ந்து மூவயோடைடு அயனியாகிக் கூடுதலாகக் கரைகின்றன. நாம் காணும் பழுப்பு அதனுடையது. அயோடைடு மிகுதியாக இருந்தால் குலுக்கிய பிறகும் கீழே பழுப்பு நிறம் தங்குவதற்கும் இதுவே காரணம்.

இடப்பெயர்ச்சியின் விதி எளியது. எலக்ட்ரானைக் கவர்வதில் குளோரின் வலியது, அடுத்தது புரோமின், கடைசியில் அயோடின். வலியது தன்னிலும் எளியதன் அயனியிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து அதைத் தனிமமாக வெளியேற்றும்:

Cl₂ + 2Br⁻ → 2Cl⁻ + Br₂

புரோமின் நீரும் இதே போல அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும். மேலடுக்கு ஊதாவாகும். மறுதிசையில் ஒன்றும் நடக்காது. இங்கேதான் மாணவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். புரோமைடு கரைசலில் அயோடின் கரைசலை ஊற்றியதும் பழுப்பு நிறம் வருகிறது. புரோமின் வந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அது ஊற்றிய அயோடினின் நிறம்தான். ஹெக்சேன் சேர்த்துக் குலுக்கினால் ஊதா தெரியும், வினை நடக்கவில்லை என்பது உறுதியாகும்.

புரோமைடும் அயோடைடும் கலந்திருக்கும் உப்பில்தான் இந்தச் சோதனையின் முழு அழகும் தெரிகிறது. குளோரின் நீரைச் சில சொட்டுகள் விட்டுக் குலுக்கினால் முதலில் ஊதா. எலக்ட்ரானை எளிதில் இழக்கும் அயோடைடு முந்திக்கொள்கிறது. சொட்டுகளைத் தொடர்ந்தால் ஊதா வெளிறி மறையும், ஏனெனில் அயோடின் மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து நிறமற்ற அயோடேட்டாக நீருக்குத் திரும்புகிறது. பிறகு ஆரஞ்சு எழும், அது புரோமின். அவசரப்பட்டு ஒரேயடியாகக் குளோரின் நீரை ஊற்றியவர் ஊதாவைப் பார்க்காமலே போகலாம். அயோடைடு இல்லை என்று தவறாக முடிவு செய்வார்.

குளோரின் நீர் பழையதாக இருந்தாலும் சோதனை பொய்க்கும். வெளிச்சத்தில் அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடுவதால், புரோமைடு இருந்தும் நிறம் வராது. அன்றே தயாரித்து, நிச்சயம் புரோமைடு உள்ள கரைசலில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஹெக்சேனுக்குப் பதிலாகச் சமையல் எண்ணெயும் உதவாது. அதன் இரட்டைப் பிணைப்புகள் புரோமினோடு வினைபுரிந்து நிறத்தையே அழித்துவிடும்.

புரோமின் என்ற தனிமம் கண்டறியப்பட்டதே இந்த வினையால்தான். பிரான்சின் மோன்பெலியே நகரருகே உப்பளங்களில் உப்பு எடுத்தபின் எஞ்சிய நீரில் ஆந்துவான் பலார் குளோரினைச் செலுத்தினார், மஞ்சள் நிறம் எழுந்தது. ஈதரைச் சேர்த்துக் குலுக்க, நிறம் ஈதருக்கு ஏறியது. 1826இல் அவர் அதைப் புதிய தனிமமாக அறிவித்தார். இன்றும் கடல்நீரிலிருந்தும் உப்பு எடுத்தபின் எஞ்சும் நீரிலிருந்தும் புரோமினைப் பிரிக்க ஆலைகளில் குளோரினையே செலுத்துகிறார்கள்.