பூனை எதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது?

மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. எப்படி விழும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும், காலை ஊன்றித்தான்.

கருவடிக்குப்பத்தில், சித்தானந்தர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி என் அக்கா வீடு இருக்கிறது. போன மாதம் அங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் சன்ஷேடில் படுத்திருந்த சாம்பல் பூனை தூக்கக் கலக்கத்தில் புரண்டு, முதுகு கீழே இருக்க, மல்லாக்க விழுந்தது. தரையைத் தொட்டபோது நான்கு காலும் கீழே. எதுவுமே நடக்காதது மாதிரி முன்னங்காலை நக்க ஆரம்பித்தது.

“மாமா, அது எதைப் பிடிச்சுத் திரும்பிச்சு?” என்றான் ஏழாவது படிக்கும் எழிலன்.

சரியான கேள்வி. நீங்கள் தரையில் நின்றபடி திரும்பும்போது உங்கள் கால் தரையைத் தள்ளுகிறது. அந்தரத்தில் பூனைக்குத் தள்ள ஒன்றும் இல்லை. சுழலும் ஒரு பொருளிடம் எவ்வளவு சுழற்சி இருக்கிறது என்பதற்குக் கோண உந்தம் என்று பெயர். வெளியிலிருந்து யாரும் முறுக்காவிட்டால் அந்த அளவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. சுழலாமல் விழத் தொடங்கிய பூனையிடம் அது பூஜ்யம். தரையைத் தொடும்வரை பூஜ்யமாகவே இருந்தாக வேண்டும். ஆனாலும் பூனை அரைச் சுற்று திரும்பிவிடுகிறது!

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலத்தில், 1894இல், பாரிஸ் அறிவியல் கழகத்திலும் இதே குழப்பம் வந்தது. எத்தியேன்-ஜூல் மரே என்ற உடலியல் அறிஞர், அடுத்தடுத்து வேகமாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை வைத்திருந்தார். ஒரு பூனையை நான்கு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, கையை விடச் சொல்லி, அது விழுவதை வரிசையாகப் படமெடுத்தார். பூனை கிளம்பும்போதே பிடித்திருந்த கையை உதைத்துச் சுழற்சியைத் திருடிக்கொள்கிறது என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். மரேயின் முதல் சில படங்களில் பூனை திரும்பவே இல்லை, நேராக விழுகிறது. கையைவிட்டு விலகிய பிறகுதான் திரும்பத் தொடங்குகிறது. ஆக, உதைத்த கதை பொய்.

அந்தப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. பூனையின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றாகத் திரும்பவில்லை. முதலில் தலையும் முன்னங்கால்களும், பிறகுதான் இடுப்பு. குயூ என்ற கணித அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். முன்பாதி திரும்பும்போது பூனை முன்னங்கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது, பின்னங்கால்களை நீட்டி வைக்கிறது. மடங்கிய பாதியைத் திருப்புவது சுலபம், நீண்ட பாதியைத் திருப்புவது கஷ்டம். ஆகவே முன்பாதி நிறையத் திரும்புகிறது. அதை ஈடுகட்டப் பின்பாதி எதிர்ப்பக்கமாகக் கொஞ்சமே திரும்புகிறது. அடுத்து கால்களை மாற்றிக்கொள்கிறது, முன்னது நீட்டல், பின்னது மடக்கல். இப்போது பின்பாதி நிறையத் திரும்பி முன்பாதியை எட்டிப் பிடிக்கிறது.

எழிலனோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீட்டிய பாதியைத் திருப்புவது மடக்கிய பாதியைவிட மூன்று மடங்கு கஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பை 120 பாகை முறுக்கினால் முன்பாதி 90 பாகை முன்னே போகும், பின்பாதி 30 பாகை பின்னே போகும். கால்களை மாற்றி முறுக்கை அவிழ்க்கும்போது பின்பாதி 90 முன்னே, முன்பாதி 30 பின்னே. மிச்சம் எவ்வளவு? இரண்டு பாதிக்கும் ஆளுக்கு 60 பாகை.

“அப்ப 180க்கு மூணு தடவை செய்யணுமே மாமா! அது ஒரே புரட்டுதானே புரண்டுச்சு?”

பையன் பிடித்துவிட்டான். கால் வித்தை உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. மீதியை 1935இல் நெதர்லாந்தில் ராடமேக்கர், டெர் பிராக் என்ற இருவர் சொன்னார்கள். பூனை இடுப்பில் வளைகிறது. அதுதான் பெரிய வித்தை.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் டியூபில் ஒரு முழத் துண்டு எடுத்து வந்தோம். நீளவாக்கில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டோம். அந்தக் கோடுதான் பூனையின் வயிறு. கோடு உள்பக்கம் வரும்படி டியூபை ‘ப’ மாதிரி வளைத்து, இரண்டு முனையும் மேலே பார்க்கப் பிடித்து, விரல்களால் முனைகளை உருட்டினோம். வளைவு அப்படியே நிற்கிறது. கோடு மட்டும் உள்ளேயிருந்து நகர்ந்து பக்கவாட்டுக்கு வந்து, பிறகு வெளிப்பக்கத்துக்குப் போய்விட்டது. இப்போது டியூபை நிமிர்த்துங்கள். மேலே பார்த்த வயிறு கீழே பார்க்கிறது!

முனைகளை மேலிருந்து கவனியுங்கள். ஒன்று கடிகார முள் போலச் சுழன்றால் மற்றது எதிர்த்திசையில் சுழலும். இரண்டும் சேர்ந்தால் பூஜ்யம். பூனை அவ்வளவு மடங்காது, சற்று விரிந்த வளைவாகத்தான் நிற்கும். அதனால் இரண்டு பாதியின் சுழற்சியும் முழுசாகக் கழியாமல் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தைச் சரிக்கட்ட, வளைந்த உடம்பு முழுவதும் எதிர்ப்பக்கம் லேசாக ஆடிக்கொடுக்கிறது. 1969இல் அமெரிக்காவில் கேன், ஷெர் என்ற இரு பொறியாளர்கள் பூனையை இரண்டு உருளைகளாகப் பாவித்துக் கணக்கிட்டார்கள். கோண உந்தம் பூஜ்யமாகவே இருக்க, திருப்பம் அழகாக வந்தது. வால் இல்லாமல் பிறக்கும் பூனைகளும் இப்படித் திரும்புகின்றன. வால் உதவலாம், ஆனால் அது இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும்.

கால் வித்தையை நீங்களே செய்யலாம். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில். கைகளை நீட்டி வலப்பக்கம் வீசினால் நாற்காலி இடப்பக்கம் திரும்பும். கைகளை மார்போடு ஒட்டிக்கொண்டு பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் நாற்காலி கொஞ்சம்தான் திரும்பி வரும். திரும்பத் திரும்பச் செய்தால் சுற்றிக்கொண்டே போகலாம். ஒரு எச்சரிக்கை: வெடுக்கென்று வீசி மெதுவாக இழுத்தால் கைகளை மடக்காமலே நாற்காலி திரும்பும். அது நாற்காலியின் உராய்வு செய்யும் கள்ளாட்டம். வீசுவதும் இழுப்பதும் ஒரே வேகத்தில் இருக்கட்டும். எழிலன் முதலில் கள்ளாட்டம்தான் ஆடினான்.

பிறகு அவன் கண் பூனைமேல் போனது. தூக்கிப் போட்டுப் பார்க்க ஆசை. “வாயில்லா ஜீவன்டா, பாவம் பிடிக்கும்” என்று அக்கா துடைப்பத்தைத் தேடினாள். போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை, கணக்கே சொல்லும். பூனை புரள எடுத்துக்கொள்வது ஏறத்தாழ நொடியில் எட்டில் ஒரு பங்கு. விழும் பொருள் அந்த நேரத்தில் 8 சென்டிமீட்டர்தான் இறங்கும். கயிற்றுக் கட்டில் உயரமே, அதாவது 45 சென்டிமீட்டர், போதுமானதற்கு மேல். அதிலிருந்து தரைக்கு வர நொடியில் பத்தில் மூன்று பங்கு ஆகும். நான்கு விரல்கடை உயரம் என்றால் பூனையும் முதுகில்தான் விழும்.

பிறந்து இரண்டு வாரக் குட்டிக்கு எந்த உயரமும் போதாது. எது மேல், எது கீழ் என்று சொல்லும் உள்காதும், வளைகிற இடுப்பும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும். ஆறேழு வாரத்தில்தான் அது முழுசாகக் கைவரும். சாம்பல் பூனையின் மூன்று குட்டிகள் இப்போது அக்கா வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. எழிலன் பெட்டியைத் தரைக்கு இறக்கிவிட்டான்.